ல, ள, ழ: எந்த எழுத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல், கொள் மாதிரி எழுத்து மாறினால் பொருள் மாறும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பட்டியல் போட்டுப் படிப்பதைவிட எளிய வழி அது. அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் நான் தினமும் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

தமிழில் ஒரு சொல் தனியாக நிற்கும்போது ல், ள், ழ் மூன்றும் காதை ஏமாற்றலாம். அதே சொல் வளைந்து வேறு வடிவம் எடுக்கும்போது ஏமாற்ற முடியாது. ல் மாறினால் ற் ஆகும், அல்லது ன் ஆகும். ள் மாறினால் ட் ஆகும், அல்லது ண் ஆகும். ழ் பெரும்பாலும் மாறாமல் ழ் ஆகவே நிற்கும். ல, ற, ன ஒரு குடும்பம். ள, ட, ண இன்னொரு குடும்பம். ழ தனிக்கட்டை.

கொல் என்பதை இறந்தகாலத்தில் சொன்னால் கொன்றான். கொள் என்றால் கொண்டான். இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே சந்தேகம் வந்தால் சொல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதை வளைத்துப் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு செய்தியின் விரிவுதான்.

வினைச்சொல் என்றால் எப்படிச் சோதிப்பது? எல்லா வினைக்கும் இது பொருந்துமா?

முதலில் ‘அவன் நேற்று’ என்று தொடங்கி இறந்தகாலத்தில் சொல்லுங்கள். வெல், வென்றான். கல், கற்றான். முயல், முயன்றான். பயில், பயின்றான். எல்லாவற்றிலும் ன்ற அல்லது ற்ற வருகிறது, எனவே ல். கேள், கேட்டான். ஆள், ஆண்டான். உருள், உருண்டது. வறள், வறண்டது. இங்கே ட்ட அல்லது ண்ட வருகிறது, எனவே ள். வாழ்ந்தான், தாழ்ந்தான், மகிழ்ந்தான், கவிழ்ந்தது என்று எழுத்து அப்படியே நின்று பக்கத்தில் ந்த வந்தால் ழ்.

பேச்சு வழக்கிலிருந்து தொடங்கினால் ஒரு சிறு கவனம் தேவை. ‘வித்தான்’, ‘கொன்னான்’ என்று நாம் பேசுவதை எழுத்து நடைக்கு மாற்றினால் விற்றான், கொன்றான். ட மட்டும் பேச்சிலும் அசையாது. கேட்டான் பேச்சிலும் கேட்டான்தான், உருண்டது பேச்சில் ‘உருண்டுச்சு’. பேச்சு வடிவத்திலேயே ட காதில் விழுந்தால் பெரும்பாலும் அது ள்தான்.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தது. தானாக நடப்பதைப் பிறர் நடத்துவதாக மாற்றிப் பாருங்கள். சுழல்வதைச் சுழற்றுகிறோம். அகல்வதை அகற்றுகிறோம். உருள்வதை உருட்டுகிறோம், திரள்வதைத் திரட்டுகிறோம், மிரள்பவனை மிரட்டுகிறோம். தாழ்வதைத் தாழ்த்துகிறோம், வீழ்வதை வீழ்த்துகிறோம். ற்று வந்தால் ல், ட்டு வந்தால் ள், ழ்த்து வந்தால் ழ். சட்டையைக் ‘கழட்டு’ என்று பேசுகிறோமே, அதை எழுத்தில் கழற்று என்று எழுதச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அதன் அடி கழல், கழன்றது.

சில வினைகள் இந்தச் சோதனைக்குப் பிடிகொடுக்காது. அள்ளு, கிள்ளு போன்றவை அள்ளினான், கிள்ளினான் என்று போய்விடும். அவற்றில் எழுத்து இரட்டித்திருப்பதே ஒரு தடயம். அதை அடுத்ததற்கு அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பெயர்ச்சொல்லுக்கு இறந்தகாலம் ஏது? தோல், தோள் என்பதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப எழுத்துகளில் தொடங்கும் இன்னொரு சொல்லை ஒட்டிப் பாருங்கள். புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. முன்பே கேள்விப்பட்ட கூட்டுச் சொல் ஒன்று நினைவில் இருக்கும்.

தோலில் செய்த பாவைகளை ஆட்டிக் காட்டுவது தோற்பாவைக் கூத்து. ற் வந்துவிட்டது, ஆகவே உடம்பைப் போர்த்தியிருப்பது தோல். கடலின் கரை கடற்கரை. பாலைச் சுமக்கும் குடம் பாற்குடம். வில்லால் செய்யும் போர் விற்போர், வாளால் செய்வது வாட்போர். பொருள்களின் காட்சி பொருட்காட்சி. ஒன்றுக்கு மேற்பட்ட கல் கற்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முள் முட்கள். தமிழ்ச் சங்கம், புகழ்ச்சி என்று ழ் மட்டும் தன் இடத்தை விடுவதில்லை.

இக்காலத்தில் பலரும் சேர்த்து எழுதாமல் கால்சட்டை, தோள்பட்டை என்றே எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் காற்சட்டை என்ற பழைய வடிவம் எங்கோ கண்ணில் பட்டிருந்தால் அது கால்தான், காள் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ள-வா ழ-வா என்பதில்தான் எனக்கு எப்போதும் தடுமாற்றம். விரைவாகப் பிரித்தறிய ஏதாவது குறிப்பு உண்டா?

ழ-வுக்கு இரண்டு குணங்கள் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டால் தடுமாற்றத்தில் பெரும்பகுதி போய்விடும்.

முதலாவது, ழ இரட்டிக்காது. தமிழில் ழ்ழ என்று எங்கும் வராது. எனவே பள்ளி, கொள்ளை, வெள்ளம், தள்ளு, துள்ளு போன்றவற்றில் அழுத்தம் காதில் விழும்போதே ழ போட்டியிலிருந்து விலகிவிடுகிறது.

இரண்டாவது, ஒரே ஒரு குறில் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்த ழ் நிற்காது. ரகாரமும் ழகாரமும் குற்றொற்று ஆகா என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். கள், முள், எள், புள், கொள் போன்ற இரண்டெழுத்துச் சொற்களில் ழ் வர இடமே இல்லை. நெடிலுக்குப் பின்னால் வரும்: வாழ், தாழ், பாழ், கூழ், யாழ். இரண்டு மூன்று எழுத்துக்குப் பின்னாலும் வரும்: தமிழ், புகழ், இதழ், அவிழ்.

இந்த இரண்டும் சேர்ந்து அழகான ஒரு விளைவைத் தருகின்றன. பேசும்போது மெய்யில் முடியும் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். குறிலுக்குப் பின் வரும் ள் அப்போது இரட்டிக்கும்: கொள்ளு, எள்ளு, முள்ளு. ழ-வுக்கு இரட்டிக்கும் வழி அடைபட்டிருப்பதால் அது ஒற்றையாகவே நிற்கும்: அழு, உழு, எழு, விழு, தொழு. ஆகவே ஒரு குறில், அதன் பின் ஒற்றையாக ழு அல்லது ளு என்று ஒரு வினை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ழு போடலாம். உளுத்துப்போன மரம் என்கிறோமே, அந்த உளு ஒரு விதிவிலக்கு. நிலத்தை உழுதான், கட்டில் கால் உளுத்துப்போனது. இவ்விரண்டை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலம், வளம் மாதிரி எழுத்து நடுவில் மாட்டிக்கொண்டால்? பின்னால் உயிர் வந்துவிடுவதால் அது எதுவாகவும் மாறுவதில்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அங்கே சொல்லை வளைக்க முடியாது. அதன் உறவினர்களைத் தேட வேண்டும். உறவினர் கூட்டத்தில் யாராவது ஒருவர் ற, ன பக்கமோ ட, ண பக்கமோ சாய்ந்திருப்பார்.

வல் என்பது வலிமை குறித்த அடி. வல்லவன், வலிமை, வன்மை எல்லாம் அதன் பிள்ளைகள். வள் என்பது கொழிப்பும் ஈகையும் குறித்த அடி. வளம், வள்ளல், வண்மை அதன் பிள்ளைகள். வன்மை என்றால் வலிமை, வண்மை என்றால் கொடைத்தன்மை. பள்ளியில் இந்த ன, ண வேறுபாட்டை ஒரு பாடமாகவும், ல, ள வேறுபாட்டை இன்னொரு பாடமாகவும் படித்தோம். உண்மையில் இரண்டும் ஒரே வேறுபாடுதான். வல் வன்மையாகவும், வள் வண்மையாகவும் திரிந்திருக்கின்றன. இதை முதன்முதலில் உணர்ந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் தணியவில்லை. தனித்தனியாகக் கிடந்த இரண்டு பட்டியல்கள் ஒன்றாகிவிட்டன.

இதே போல நள்ளிரவைப் பாருங்கள். நல்லிரவு என்று எழுதுபவர்கள் நிறைய. இரவில் நல்லது என்ன இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை, நல்ல இரவும் உண்டு. அதன் உடன்பிறப்பான நண்பகலைப் பாருங்கள். நள் என்றால் நடு. நள் பகல் நண்பகலாகியிருக்கிறது. ண் வந்துவிட்டதால் இரவும் நள்ளிரவுதான்.

ஒலி, ஒளியும் அப்படியே. வானொலியில் வருவது ஒலிபரப்பு, தொலைக்காட்சியில் வருவது ஒளிபரப்பு. திரைப்படத்தின் பெயர்ப் பட்டியலில் ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும் இரண்டு வேறு ஆட்கள். வெளிச்சத்துக்கு எது என்று ஐயம் வந்தால் ஒண்சுடர் என்ற சொல் உதவும். ஒளிவிடும் சுடர் என்பது அதன் பொருள். ஒள் என்பதே அங்கு ஒண் ஆகியிருக்கிறது.

விலக்கு, விளக்கு என்ற இணையைச் சற்று வேறுவிதமாகப் பிரிக்கலாம். தானாக நடக்கும் வடிவத்தைக் கேளுங்கள். விலகியதை விலக்குகிறோம். விளங்காததை விளக்குகிறோம். விலகு என்பதில் மூக்கொலி இல்லை, விளங்கு என்பதில் இருக்கிறது. ‘குற்றச்சாட்டை விளக்கினார்’, ‘குற்றச்சாட்டை விலக்கினார்’ என்ற இரண்டும் பிழையில்லாத வாக்கியங்கள். செய்தி மட்டும் தலைகீழாகிவிடும்.

ஒரு பத்தியை எடுத்துத் திருத்திக் காட்ட முடியுமா?

பயிற்சிக்காக நானே பிழைகளை வைத்துக் கோத்த பத்தி இது:

‘நேற்று நல்லிரவு பெய்த மளையில் கொள்ளைப்புறத் தோட்டம் பால்பட்டது. காலையில் உளவர்கள் மற்ற வேளைகளை விட்டுவிட்டு வெல்லத்தை வடித்தார்கள்.’

ஏழு பிழைகள் இருக்கின்றன. மளை என்பதைத் தவிர மற்ற எல்லாம் எழுத்துக்கூட்டில் நிற்கக்கூடிய சொற்கள். அதனால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலானவற்றின் கீழ் சிவப்புக் கோடு போடாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

நல்லிரவை நண்பகல் திருத்திவிட்டது, அது நள்ளிரவு. கொள்ளைப்புறம் என்பதில் எழுத்து இரட்டித்திருப்பதால் ழ இல்லை, மீதி ல-வும் ள-வும். கொள்ளை என்பது கொள் என்ற வினையின் பிள்ளை, எடுத்துக்கொண்டு போவது. வீட்டின் பின்பக்கத்துக்கு அந்தப் பொருள் ஒட்டாது. ஆகவே கொல்லைப்புறம். வெல்லமும் அப்படித்தான். வெல்லம் கரும்பிலிருந்து வருவது, வயலில் நிற்பது வெள்ளம்.

பால்பட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இது உண்மையில் பால் என்ற சொல்லாக இருந்தால் பட்டது என்பதோடு சேரும்போது பாற்பட்டது என்று ஆகும். ‘அறிவுக்கு அப்பாற்பட்ட’ என்கிறோமே, அங்கே அப்படித்தான் ஆகியிருக்கிறது. பாள் என்று இருந்தால் பாட்பட்டது என்று ஆக வேண்டும், அப்படி ஒரு சொல்லே கிடையாது. எதுவாகவும் மாறாமல் நிற்கக்கூடியது ழ் ஒன்றுதான். நெடிலுக்குப் பின்னால் வருவதால் அதற்குத் தடையும் இல்லை. ஆகவே பாழ்பட்டது.

உளவர்களில் குறிலுக்குப் பின் ஒற்றை எழுத்து. நிலத்தை உழுபவர்கள் உழவர்கள். உளவு வேறு, அது ஒற்றறிதல். வீதியில் உலவுவது வேறொன்று. உலவு, உளவு, உழவு என்று மூன்றும் முழுமையாக அமைந்த அரிய வரிசை இது.

வேளை என்பதற்குப் பதிலாகப் ‘பொழுது’ என்று வைத்துப் பார்த்தேன். ‘மற்ற பொழுதுகளை விட்டுவிட்டு’ என்பது பொருந்தவில்லை. ‘பணி’ பொருந்துகிறது. எனவே வேலை. மளை ஒன்றுக்குத்தான் இந்தச் சோதனைகளில் எதுவும் பிடிப்புத் தரவில்லை. அங்கே மலையாளத்தைக் கேட்கிறேன். மலையாளிகள் மழ என்று ழகரத்தோடு சொல்கிறார்கள். கோழி, வழி, பழம் எல்லாம் அவர்களிடமும் ழகரத்தோடுதான் இருக்கின்றன. தெலுங்கு தெரிந்தவர்களுக்கும் ஒரு துணை உண்டு. நம் ஏழு அங்கே ஏடு, நம் கோழி அங்கே கோடி. நம் ழ நின்ற இடத்தில் அவர்களுக்கு ட வந்திருக்கிறது.

‘நன்கொடை அழித்தவர்கள்’ என்று பலகைகளில் பார்க்கிறேன். இவ்வளவு தெரிந்த சொல்லில் ஏன் இந்தப் பிழை வருகிறது?

ழ-வைத் தவறவிடக் கூடாது என்ற அக்கறையால்தான் வருகிறது. பேச்சில் ள என்று ஒலிப்பதில் பெரும்பகுதி எழுத்தில் ழ என்று ஒருவர் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார். வாளைப்பளம் என்று எழுதியபோதெல்லாம் ஆசிரியர் வட்டமிட்டிருக்கிறார். அந்தப் பயத்தில் உண்மையான ள வருமிடத்திலும் ழ போட்டுவிடுகிறார். அளித்தார் அழித்தார் ஆகிறது, வெளியீடு வெழியீடு ஆகிறது.

ஒரு கோயில் குடமுழுக்கு அழைப்பிதழில் இதே சொல்லை நான் தவறவிட்டேன். முதல் பக்கத்தில் பெயர்களின் தலைப்பெழுத்துகளையும் நேரங்களையும் மும்முறை சரிபார்த்த நான், கடைசிப் பக்கத்தில் ‘பொருளுதவி அழித்தோர்’ என்று நின்றதைப் பார்க்கவில்லை. அச்சான பிறகு அச்சகத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியின்மேல் சிறு தாள் ஒட்டினார்கள். பொருள் கொடுத்தவர்களின் பெயர்களுக்கு நேர் மேலே அந்தச் சொல் நின்றது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அளி, அழி இரண்டும் அளித்தார், அழித்தார் என்று ஒரே அச்சில் போவதால் வளைக்கும் சோதனை இங்கே தோற்றுவிடும். இடத்தில் ‘தந்தார்’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் ள. வாக்களித்தார், பேட்டியளித்தார், ஆதரவளித்தார், மகிழ்ச்சியளித்தது எல்லாம் தருவதுதான். ‘இல்லாமல் ஆக்கினார்’ பொருந்தினால் மட்டுமே ழ.

எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாரும் வாளப்பளம், கோளி என்றுதான் பேசுவோம். எங்கள் பேச்சு தவறா?

தவறில்லை. தென்மாவட்டங்களில் பரவலாகவும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழ ள-வோடு கலந்துவிட்டது. அது அந்த வட்டார வழக்கின் இயல்பு. எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது.

உங்களுக்கு அதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. உங்கள் வழக்கில் ல கலக்கவில்லை. புலியையும் புளியையும் நீங்கள் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். காலையும் காளையும், மூலையும் மூளையும் உங்கள் நாக்கில் தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன. ஆகவே உங்கள் சந்தேகம் ள-வா ழ-வா என்ற ஒன்றோடு முடிகிறது. பள்ளிக்கூடத்தைப் ‘பல்லிக்கூடம்’ என்று சொல்லும் சென்னைக்காரர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் ல, ள வேறுபாட்டுக்குத்தான் மேலே சொன்ன குடும்பச் சோதனையை நம்ப வேண்டும். உங்கள் வழக்கில் எந்த இரண்டு கலந்திருக்கின்றன என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

மூன்றையும் சரியாக ஒலிக்க நாக்கை எங்கே வைக்க வேண்டும்?

ல சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல் வரிசையின் பின்பக்க ஈற்றைத் தொட்டு நிற்கும். காற்று நாக்கின் இரு பக்கமும் வழியும். ள சொல்லும்போது நுனி பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். காற்று அப்போதும் இரு பக்கமும்தான் போகும். ழ சொல்லும்போது நுனி அதே போல மடிந்து மேலெழும், ஆனால் எங்கும் ஒட்டாது. காற்று நடுவாக வழிந்துகொண்டே இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ‘ள்’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்து, நாக்கை அசைக்காமல் ஒலியை நிறுத்திவிட்டு, அதே நிலையில் வாயால் காற்றை உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்களில் குளிர்ச்சி தெரியும். ‘ழ்’ என்று சொல்லி அப்படியே இழுத்தால் குளிர்ச்சி நாக்கின் நடுவில் ஓடும். ஓரத்தில் குளிர்ந்தால் நீங்கள் சொன்னது ழ இல்லை, ள.

குழந்தைகளுக்குக் கற்றுத்தருவதென்றால் ‘ஆ’ என்று நீட்டச் சொல்லி, நீட்டிக்கொண்டே நாக்கின் நுனியை மெல்லப் பின்னால் சுருட்டச் சொல்லுங்கள். ஒட்டாமல் நின்றால் ‘ஆழ்’ தானாக வந்துவிடும். ழ-வை ல, ள-வின் உறவாக நினைப்பதே பயிற்சியைக் கெடுக்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் ழ-வை ல, ள-வோடு சேர்க்கவில்லை, ர-வோடு சேர்த்தார். நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருட இரண்டும் பிறக்கும் என்பது அவர் சொன்னது. ல, ள-வுக்குத் தனி நூற்பா. ழ வராதவர்களிடம் ர-விலிருந்து தொடங்கச் சொன்னால் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ர, ற மற்றும் ந, ன, ண-வுக்கும் இதே மாதிரி வழி உண்டா?

உண்டு. ற-வில் முடியும் பெயரோடு ‘இல்’ சேர்த்துப் பாருங்கள். கயிறு, கயிற்றில். கிணறு, கிணற்றில். சேறு, சேற்றில். ர இரட்டிக்காது, ஆகவே இரட்டித்தால் ற. அரம், அறம் போலவும் இரை, இறை போலவும் நடுவில் வருவனவற்றுக்கு இது உதவாது. அவற்றைப் பொருளோடு கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ன, ண-வுக்கு முதல் பதிலில் சொன்ன குடும்பமே போதும். பொன்னால் ஆன குடம் பொற்குடம், மண்ணால் ஆனது மட்குடம். தின், தின்றான். உண், உண்டான். றன்னகரம், டண்ணகரம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த உறவைப் பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

ந பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னாலும்தான் வரும். கூட்டுச் சொல்லில் மட்டும் கவனம் தேவை. முன்னாள் அமைச்சர் என்றால் முன்பு அமைச்சராக இருந்தவர். முந்நாள் என்றால் மூன்று நாள்.

பவளம், பவழம் இரண்டையும் அகராதியில் பார்த்தேன். எது சரி?

இரண்டும் சரி. உளுந்து, உழுந்து என்பதும் மதில், மதிள் என்பதும் மங்கலம், மங்களம் என்பதும் அப்படியே. எழுத்து மாறியும் பொருள் மாறாத சிறு கூட்டம் இது. ஒரே கட்டுரைக்குள் ஒரே வடிவத்தை எழுதினால் போதும்.

கைப்பேசியில் தட்டும்போதுதான் எனக்கு நிறையப் பிழை வருகிறது. நீண்ட கோப்பில் இவற்றை மொத்தமாகத் தேட முடியுமா?

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டும் விசைப்பலகைகளில் ல-வுக்கு `l`, ள-வுக்கு `L`, ழ-வுக்கு `z` அல்லது `zh` என்பது பொதுவான வழக்கம். வேகத்தில் பெரிய எழுத்தை விட்டுவிட்டால் பள்ளி பல்லியாகிவிடும். பரிந்துரைப் பட்டியலில் முதலில் நிற்பதைத் தொடும் பழக்கமும் இதே பிழையைத் தரும். தமிழ்99 விசைப்பலகையில் மூன்றுக்கும் மூன்று தனி விசைகள் (`n`, `y`, `/`) இருப்பதால் விரலே வேறுபாட்டைப் பழகிக்கொள்கிறது. பிழையைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

கோப்பில் தேட, ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பைக் கொடுத்துத் தேடும் வசதி, உள்ள எந்த உரைத்தொகுப்பியிலும் இவற்றை ஒவ்வொரு வரியாகக் கொடுங்கள்:

```
அ[ளழ]ித்த
வ[லளழ]ி
வி[லள]க்க
```

முதல் வரி அளித்த, அழித்த இரண்டையும் நிறுத்திக் காட்டும். இரண்டாவது வலி, வளி, வழி மூன்றையும், மூன்றாவது விலக்க, விளக்க என வரும் எல்லாவற்றையும். உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் தனிக் குறியாகச் சேமிக்கப்படுவதால் அடைப்புக்கு வெளியே ி போட்டால் போதும். திரையில் அது புள்ளிவட்டத்தோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், தேடல் சரியாகவே நடக்கும். தானாக மாற்றும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, ‘தந்தார்’ பொருந்துகிறதா என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். அந்தக் குடமுழுக்கு அழைப்பிதழுக்குப் பிறகு நான் முதல் வரியை ஓட்டாமல் எந்தக் கோப்பையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.